தூரத்து நண்பர்கள் சேர்ந்து செய்யும் பிறந்தநாள் வீடியோ: ஒரே காமெடியில் எல்லா கிளிப்பையும் கோப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளுக்கொரு வாழ்த்து பேசி அனுப்பச் சொல்லி ஒட்டினால் போதாதா? ஸ்கிரிப்ட் எதற்கு?

ஒட்டலாம். மூன்றாவது ஆள் பேசும்போதே பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். "ஹாய், பிறந்தநாள் வாழ்த்துகள், ரொம்ப மிஸ் பண்றோம், சீக்கிரம் சந்திப்போம்" என்று ஒன்பது பேரும் ஒரே நான்கு வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து "ஏதாவது பேசு" என்றால் யாருக்குமே அதற்கு மேல் வராது.

ஸ்கிரிப்டின் முதல் வேலை அந்த நான்கு வாக்கியத்தையும் பிடுங்கிவிடுவதுதான். நான் வைக்கும் விதி இது: கடைசிக் காட்சி வரை யாரும் "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று சொல்லக் கூடாது. வாழ்த்தை எடுத்துவிட்டால் பேச வேறு ஏதாவது வேண்டும். அந்த இடத்தில்தான் திரும்பத் திரும்ப வரும் ஒரே காமெடி வந்து உட்கார்கிறது. கடைசியில் வாழ்த்து வரும்போது அது முதல்முறையாகக் கேட்கும்.

அந்தக் காமெடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிறந்தநாள்காரர் வாயிலிருந்து அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். பொருளைவிட, பழக்கத்தைவிட, வாக்கியம் நல்லது. ஒன்பது ஊரில் ஒன்பது பேர் இருந்தாலும் எந்தப் பொருளும் வாங்காமல், எந்த வேஷமும் போடாமல் அதைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். உங்கள் நண்பர் எங்கே வருவதாக இருந்தாலும் தாமதம். போன் அடித்துக் கேட்டால் வீட்டில் படுத்துக்கொண்டே சொல்வார்: "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்." இந்த மாதிரி ஒருவர் இல்லாத நட்புக் கூட்டம் அபூர்வம். வீடியோவின் காமெடி இதுதான்: தூர ஊர்களில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் அவரைப் பார்க்கக் "கிளம்பிவிட்டார்கள்." ஒருவரும் கிளம்பவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், உங்கள் உண்மையான பிரச்சினையும் இதுவேதான். நேரில் வர முடியாததால்தானே வீடியோ அனுப்புகிறீர்கள்? "எங்களால் வர முடியவில்லை" என்று யாரும் சோகமாகச் சொல்ல வேண்டியதில்லை, காமெடியே அதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கூட்டத்துக்கு வேறு வாக்கியம் இருக்கலாம். ஆனால் அது ஏதாவது ஒரு விதத்தில் தூரத்தைத் தொட்டால் முடிவுக் காட்சி தானாகக் கிடைக்கும்.

கிண்டல் அதிகமாகி மனம் நோகாதா?

நோகும் வாய்ப்பு உண்டு. இரண்டு சோதனை போதும். ஒன்று, அந்தப் பழக்கத்தை அவரே சிரித்துக்கொண்டு பிறரிடம் சொல்வாரா? தாமதம் பெரும்பாலும் தேறிவிடும். உடம்பு, வயது, வேலை, கல்யாணம் பற்றியவை தேறாது. ஒரு ஆள் சொல்லும்போது செல்லமாக இருப்பதுகூட ஒன்பது பேர் வரிசையாகச் சொன்னால் வேறு மாதிரி ஒலிக்கும்.

இரண்டு, வீடியோ ஓடும்போது அறையில் வேறு யார் இருப்பார்கள்? அப்பா அம்மா, வீட்டார், அலுவலகத்து ஆட்கள் என்று யாராவது கூட இருக்கலாம். அவர்களுக்குத் தெரியாத விஷயம் எதுவும் இந்த வீடியோவில் வெளிவரக் கூடாது. தாமதமாக வருவது வீட்டாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

முழு ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

ஒன்பது பேர், சுமார் இரண்டேகால் நிமிடம். மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஒன்று (20 நொடி). நண்பர் கேமராவைப் பார்த்து, ரொம்பப் பொறுப்பாக: "இந்த வருஷம் உன் பிறந்தநாளுக்கு எல்லாரும் நேர்லயே வர்றதா முடிவு பண்ணிட்டோம். பேச்சே இல்ல. இதோ நான் கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்." சொல்லி முடித்துப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்கிறார். அதுவரை படுத்திருப்பது தெரியாதபடி முகம் மட்டும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டு (12 நொடி). இஸ்திரி போட்ட சட்டை, தலை வாரி, கையில் பை. "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்." எழுந்து நிற்கிறார். கீழே அரைக்கால் சட்டை.

மூன்று (10 நொடி). வாயில் பல் துலக்கும் பிரஷ், நுரை. அதே வாக்கியம், ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ராகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான்கு (12 நொடி). ஷூ, பை, எல்லாம் தயார். "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல…" திரைக்கு வெளியிலிருந்து குழந்தையின் குரல்: "அப்பா இன்னும் குளிக்கவே இல்ல."

ஐந்து (5 நொடி). மேஜைக்கு அடியில் குனிந்து, கிசுகிசுப்பாக: "மீட்டிங்ல இருக்கேன். கிளம்பிட்டேன்."

ஆறு (4 நொடி). முழு இருட்டு. விளக்கு எரிகிறது, கலைந்த தலை. "கிளம்பிட்டேன்." விளக்கு அணைகிறது.

ஏழு (30 நொடி). இந்த நண்பர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. "நான் கிளம்பல. இந்தத் தடவை வர முடியாது, உனக்கும் தெரியும்" என்று தொடங்கி, பிறந்தநாள்காரரோடு நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்.

எட்டு (12 நொடி). கருப்புத் திரை. பிறந்தநாள்காரரே என்றோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "டேய் கிளம்பிட்டேன்டா, அஞ்சு நிமிஷம்!" திரை வெளிச்சமாகிறது. எட்டாவது நண்பர் போனைக் காதிலிருந்து எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கேமராவைப் பார்க்கிறார். வசனமே இல்லை.

ஒன்பது (25 நொடி). கதவு தட்டும் சத்தம். கதவு திறக்கிறது, முதல் நண்பர் உள்ளே வருகிறார்: "வந்துட்டேன்!" அடுத்த கதவு, அடுத்த நண்பர், "வந்துட்டேன்!" எட்டு வீடு, எட்டு கதவு, ஒவ்வொன்றும் ஒன்றரை நொடி. பிறகு எல்லோரும் ஒரே திரையில் கட்டங்களாக: "வந்துட்டோம்! பிறந்தநாள் வாழ்த்துகள்!" திரை இருளப் போகும் நேரத்தில் இன்னொரு கதவு திறக்கிறது. ஒன்பதாவது ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு: "நான்தான் முதல்ல வந்தேனா?"

கிளிப்புகள் போகப் போக ஏன் சின்னதாகின்றன? வரிசை முக்கியமா?

வரிசைதான் எல்லாம். முதல் கிளிப் காமெடியை அறிமுகம் செய்கிறது, அதனால் அதற்கு நேரம் வேண்டும். இரண்டாவது கிளிப் "இது மறுபடி வரும்" என்று சொல்கிறது. மூன்றாவது வரும்போது பார்ப்பவருக்கு வாக்கியம் மனப்பாடம், அதனால்தான் நுரையோடு உளறினாலும் புரிகிறது. அதை இரண்டாவதாக வைத்தால் வெறும் உளறலாகிவிடும். ஐந்து, ஆறில் முழு வாக்கியம்கூடத் தேவையில்லை, ஒரு சொல் போதும். தெரிந்த விஷயத்தை முழுதாகத் திரும்பச் சொல்லும் கிளிப்தான் வீடியோவைத் தொய்ய வைக்கும்.

வாக்கியம் மாறக் கூடாது. சூழ்நிலை மட்டும்தான் மாற வேண்டும். நண்பர்களில் ஒருவராவது "நான் கொஞ்சம் வித்தியாசமா சொல்றேனே" என்று கேட்பார், அனுமதிக்காதீர்கள். நாலாவது ஆள் "பஸ் ஏறிட்டேன், பத்து நிமிஷம்" என்று சொன்னால் அது புது ஜோக். கட்டிவந்த சங்கிலி அங்கே அறுந்துவிடும்.

ஆறு முறை ஒரே ஜோக் வந்தால் ஏழாவதும் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். அங்கே நிறுத்துவதால்தான் ஏழாவது நண்பர் பேசுவது காதில் விழுகிறது. சிரித்துத் தளர்ந்திருக்கும் நேரத்தில் வரும் ஒரு உண்மையான பேச்சு, தொடக்கத்தில் வரும் உருக்கத்தைவிடப் பல மடங்கு உள்ளே போகும். அதற்குக் கூட்டத்திலேயே அதிகம் உணர்ச்சிவசப்படுபவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வழக்கமாகக் கேலி மட்டும் பேசும் ஆள்தான் சரி.

எட்டாவதில் அவருடைய சொந்தக் குரலே வருவது என் பார்வையில் வீடியோவின் உச்சம். பழைய அரட்டையில் தேடினால் இப்படி ஒரு குரல் பதிவு நிச்சயம் யாரிடமாவது இருக்கும். கிடைக்காவிட்டால் அவர் எழுத்தில் அனுப்பிய "கிளம்பிட்டேன்" என்ற செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை, நேரம் தெரியும்படி காட்டுங்கள். கீழேயே இன்னொன்று, நாற்பது நிமிடம் கழித்து, மறுபடியும் "கிளம்பிட்டேன்" என்று இருந்தால் அதிர்ஷ்டம்.

நண்பர்களிடம் என்ன சொல்லிக் கேட்பது? முழு ஸ்கிரிப்டையும் அனுப்பலாமா?

வேண்டாம். முழுதும் படித்தால் எல்லோரும் அடுத்தவர் பகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்குவார்கள், வேலை நின்றுவிடும். ஆளாளுக்குத் தனித்தனியாக, அவரவர் பகுதியை மட்டும் அனுப்புங்கள். மூன்றாவது நண்பருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மச்சி, பிறந்தநாள் வீடியோவுக்கு உன்கிட்ட ரெண்டு கிளிப் வேணும். போனைப் படுக்கவசமா வச்சு எடு. முதல் கிளிப்: பாத்ரூம் கண்ணாடி முன்னாடி, வாயில பிரஷ், நிறைய நுரை. 'கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்', இதே வார்த்தை, மாத்தாத. புரியலைன்னாலும் பரவாயில்ல, புரியவே கூடாது. பேசறதுக்கு முன்னாடி ரெண்டு நொடி, பேசினப்புறம் ரெண்டு நொடி கேமராவைப் பார்த்து சும்மா இரு. ரெண்டாவது கிளிப்: கதவு. அதுக்குத் தனியா அனுப்புறேன். வாழ்த்து மட்டும் சொல்லிடாத! ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வேணும்."

அந்த முன்பின் இரண்டு நொடிதான் இந்தச் செய்தியிலேயே முக்கியமானது. அதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பட்டனை அழுத்திக்கொண்டே பேச ஆரம்பிப்பார்கள், முதல் எழுத்து "ளம்பிட்டேன்" என்று வெட்டுப்பட்டு வரும். முடிவிலும் கை நீட்டி நிறுத்துவதுதான் பதிவாகும். ஜோக்கின் சுவையே பேசி முடித்த பிறகு இருக்கும் அந்த வெறித்த பார்வையில்தான்.

பேச்சின் அளவுக்கு ஒரு கணக்கு: நிதானமாகப் பேசினால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சொல். ஏழாவது நண்பரின் 30 நொடிக்கு அறுபது சொல். அவர் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவார், அது சகஜம். "நீ சொல்லும் சம்பவம் எந்த இடத்தில், என்ன நேரத்தில் நடந்தது என்று ஆரம்பி" என்று மட்டும் சொல்லி வையுங்கள். "நீ ரொம்ப நல்லவன்" என்ற பகுதியை வெட்டிவிட்டுச் சம்பவத்தை வைத்துக்கொள்ளலாம்.

கதவுக் காட்சியை எப்படி எடுப்பது? ஒன்பது வீட்டுக் கதவு ஒரே கதவு மாதிரித் தெரியுமா?

ஒரே கதவு மாதிரித் தெரிய வேண்டியதில்லை, ஒரே அசைவு மாதிரித் தெரிந்தால் போதும். அதற்கு எல்லோரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும்.

போன் அறைக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில், எதிலாவது சாய்த்துப் படுக்கவசமாக. கதவு படத்தின் நடுவில், மேல்சட்டமும் தெரியும்படி. பதிவைத் தொடங்கிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தி, மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். கதவை ஒரே வீச்சில் திறந்து, ஒரு அடி உள்ளே வைத்து, "வந்துட்டேன்!" அப்படியே இரண்டு நொடி நில்லுங்கள். இதையே மூன்று முறை எடுத்து மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். வேகம் ஒத்துப்போகும் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தில்தான். வாசலுக்குப் பின்னால் பகல் வெளிச்சம் இருந்தால் கதவு திறந்ததும் போன் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், உள்ளே வருபவர் வெறும் நிழலாகிவிடுவார். வாசல் கதவை விட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறைக் கதவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் விளக்குப் போட்டுக்கொண்டு. பார்ப்பவருக்கு எந்தக் கதவு என்ற கவலையே வராது.

ஒட்டும்போது வெட்டும் இடம் கதவு பாதி திறந்திருக்கும் கணம். முதல் நண்பர் சொல்லி முடித்ததும் இரண்டாவது வீட்டின் மூடிய கதவைக் காட்டாதீர்கள், பாதி திறந்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். மூடிய கதவு வந்தால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும், எட்டு முறை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. முழுதாகத் திறந்துவிட்டால் அசைவே இல்லாமல் போட்டோ மாற்றுவது போல இருக்கும்.

தட்டும் சத்தத்துக்கு மட்டும் ஒரு சின்னக் குறும்பு: அந்த இடத்தில் இசையை முழுதாக நிறுத்துங்கள், கருப்புத் திரையில் ஒன்றரை நொடி மௌனம், பிறகு நல்ல சத்தமாக மூன்று தட்டு. பார்ப்பவர் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தால் உங்கள் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம்.

எல்லோரும் சேர்ந்து "வந்துட்டோம்" சொல்லும்போது முன்னும் பின்னுமாக இழுக்கிறதே?

வீடியோ அழைப்பில் எடுத்திருப்பீர்கள். அதில் ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வரும், சேரவே சேராது. தனித்தனியாக எடுக்க வேண்டும். நீங்கள் ஒரு குரல் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள்: சீரான தாளத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு", நான்காவது தட்டில் நீங்களே "வந்துட்டோம், பிறந்தநாள் வாழ்த்துகள்." அவர்கள் அதை இன்னொரு போனில் ஒரு காதில் இயர்போன் வைத்துக் கேட்டுக்கொண்டே கூடச் சொல்ல வேண்டும். "மூணு" வரும்போது ஒரு கைதட்டல் போடச் சொல்லுங்கள். ஒட்டும்போது கைதட்டலின் கூர்மையான ஒலிக்கோடு தெளிவாகத் தெரியும், எல்லாருடையதையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்தால் போதும். கைதட்டலை வெட்டிவிடலாம்.

கொஞ்சம் பிசிறு இருப்பது நல்லதுதான். அச்சாகச் சேர்ந்தால் கூட்டம் போலவே இருக்காது.

வாக்கியத்துக்குப் பதில் ஒரு பொருளைத் திரை வழியாகக் கை மாற்றும் காமெடி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கண்ணாடிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. முன்கேமராவில் எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறிய படம். சேமிக்கும்போது சில போன்கள் அதை நேராக்கிச் சேமிக்கும், சில அப்படியே விடும். "வலது பக்கம் நீட்டு" என்று நீங்கள் சொன்னால் பாதிப் பேர் நீட்டியது ஒட்டும்போது இடது பக்கம் போயிருக்கும். பொருள் வந்த வழியே திரும்பிப் போவது போலத் தெரியும்.

அதனால் திரையின் பக்கத்தைச் சொல்லாமல் கையைச் சொல்லுங்கள்: "வலது கையால் வாங்கு, இடது கையால் கொடு." நேராகச் சேமிக்கப்பட்ட படத்தில் வலது கை பார்ப்பவரின் இடப்பக்கம் தெரியும், ஆகவே பொருள் இடமிருந்து உள்ளே வந்து வலப்பக்கம் வெளியேறும். எல்லோருடையதும் ஒரே திசை. மாறி வந்த ஒன்றிரண்டை எடிட்டிங் ஆப்பில் கிடைமட்டமாகப் புரட்டிவிடலாம். மாறியிருக்கிறதா என்று சட்டையில் உள்ள எழுத்தையோ பின்னால் இருக்கும் காலண்டரையோ பார்த்தால் தெரியும்.

வந்த கிளிப்புகள் ஒன்று மங்கல், ஒன்று வெளிறல், ஒன்று சத்தமே இல்லை. என்ன செய்வது?

மங்கல் பெரும்பாலும் அனுப்பிய வழியால் வருகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். Document என்ற வழியில் இணைத்தால் மூலக் கோப்பு அப்படியே வரும். அல்லது எல்லோரும் ஏற்றக்கூடிய ஒரு டிரைவ் ஃபோல்டர்.

ஒரு கிளிப் மட்டும் வெளிறியோ கண் கூசும்படியோ வந்தால் அது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தைக் கூடுதலாகப் பதியும் HDR முறையில் எடுத்தது. சாதாரண கிளிப்புகளுக்கு நடுவே அது ஒட்டாது. ஐபோன் நண்பர்களிடம் எடுப்பதற்கு முன்பே HDR Video என்ற அமைப்பை அணைக்கச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது தொல்லை கொஞ்சம் ஒளிந்திருக்கும். போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து நொடிக்கு எத்தனை படம் என்பதை மாற்றிக்கொண்டே எடுக்கும். சில எடிட்டிங் மென்பொருள்களில் அது உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகுவதாக வெளிப்படும். ஐந்து நொடி கிளிப்பில் தெரியாது, ஏழாவது நண்பரின் நீண்ட கிளிப்பில் தெரியும். கணினியில் செய்பவர்கள் எடிட்டிங் தொடங்கும் முன் ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்து ஒவ்வொரு கிளிப்பையும் ஒரே அளவு, ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்:

```
ffmpeg -i in.mov -vf "scale=1920:1080:force_original_aspect_ratio=decrease,pad=1920:1080:(ow-iw)/2:(oh-ih)/2" -r 30 -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -af loudnorm -ar 48000 -c:a aac out.mp4
```

இது படத்தை 1920×1080 சட்டத்துக்குள் பொருத்தி, நொடிக்கு 30 படமாக நிலைப்படுத்தி, ஒலியைச் சமன் செய்கிறது. யாராவது நெடுக்குவசமாக எடுத்திருந்தால் இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். ஒரு கிளிப்புக்காக மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டாம், பட்டையோடு விட்டுவிடுங்கள்.

போனிலேயே ஒட்டுபவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். குரல் ஏற்ற இறக்கத்தை மட்டும் காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள். மீட்டிங் கிசுகிசுப்பை மற்றவர்கள் அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள், சிரிப்பே போய்விடும்.

ஜோக்குக்குப் பிறகு உடனே வெட்டலாமா, கொஞ்சம் விடலாமா?

தனியாக உட்கார்ந்து எடிட் செய்யும்போது எல்லா இடைவெளியும் நீளமாகத்தான் தெரியும், வெட்டிவிடுவீர்கள். அங்கே நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது "இன்னும் குளிக்கவே இல்ல" என்றதும் வரும் சிரிப்பில் அடுத்த நண்பரின் கிசுகிசுப்பு காணாமல் போகும். பெரிய சிரிப்பு வரும் இடங்களில் ஒரு முழு நொடி விடுங்கள். இந்த ஸ்கிரிப்டில் அது போர்வை, குளியல், கைக்கடிகாரம் ஆகிய மூன்று இடம். மற்ற இடங்களில் தயங்காமல் வெட்டலாம்.

ஒருவர் மட்டும் கடைசி நாள் வரை அனுப்பவே இல்லை!

"அனுப்பிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லியிருப்பாரே? அந்தச் செய்தியைப் படம் பிடித்து ஐந்தாவது இடத்தில் மூன்று நொடி போடுங்கள். அவர் நடித்து அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

பொதுவாகக் கெடு தேதியை நிஜத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள். முதலாவது, ஏழாவது நண்பர்களிடம் மட்டும் முதல் வாரமே வாங்கிவிடுங்கள். அவர்கள் இரண்டு பேர் இல்லாமல் வீடியோ நிற்காது, மற்ற யார் தவறினாலும் இடைவெளியே தெரியாமல் சேர்த்துவிடலாம்.

கேமரா முன்னால் வரவே மாட்டேன் என்கிறவரை எப்படிச் சேர்ப்பது?

கை மட்டும் போதும். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே குரல்: "கிளம்பிட்டேன்…" லேஸ் அறுந்துவிடுகிறது. கதவுக் காட்சியில் கதவு திறந்து ஒரு கை மட்டும் நீண்டு ஆட்டிவிட்டுப் போகலாம். யார் கை என்று பிறந்தநாள்காரருக்குத் தெரியும்.

ரகசியம் வெளியாகாமல் பார்த்துக்கொள்ள ஏதாவது வழி?

குழுவுக்கு "சர்ப்ரைஸ்" என்று பெயர் வைக்காதீர்கள். பிறந்தநாள்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அறிவிப்பு வந்தால் முடிந்தது கதை. "வாடகைக் கணக்கு" மாதிரி யாரும் எட்டிப் பார்க்காத பெயர் வையுங்கள். அவர் இருக்கும் பழைய நண்பர்கள் குழுவோடு படமும் பெயரும் குழம்பாமல் இருக்கட்டும். ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் ஒருவராவது கிளிப்பைத் தவறான குழுவில் போடுவார், "வாழ்த்து சொல்லாதே" விதி இங்கேயும் காப்பாற்றும். வாயில் பிரஷோடு ஒருவர் ஏதோ உளறும் வீடியோவைப் பார்த்து யாரும் பிறந்தநாளை ஊகிக்க மாட்டார்கள்.

எப்போது, எப்படிப் போட்டுக் காட்டுவது?

நேர வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், பிறந்தநாள்காரருடைய ஊர் நேரம்தான் கணக்கு. கிளிப்புகளில் "குட் மார்னிங்", "இன்னைக்கு ராத்திரி" போன்ற சொற்கள் இருந்தால் முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

நள்ளிரவு பன்னிரண்டுக்கு லிங்க் அனுப்பினால் தூக்கக் கலக்கத்தில் தனியாகப் போனில் பார்ப்பார். இந்த வகை வீடியோவுக்கு அது வீண். கூட வசிப்பவர் ஒருவரை உடந்தையாக்கி, மாலையில் நாலு பேர் இருக்கும்போது பெரிய திரையில் போடச் சொல்லுங்கள். கோப்பை முந்தைய நாளே அவருக்கு அனுப்பி, அந்தத் திரையிலேயே முதல் பத்து நொடியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒலி வருகிறதா, ஸ்பீக்கர் சத்தம் கதவு தட்டலுக்குப் போதுமா என்பதைப் பார்க்கத்தான்.

உடந்தையானவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டும் சத்தம் வரும் நொடியில் அவருடைய போன் கேமரா பிறந்தநாள்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பதிவைத்தான் தூரத்தில் இருக்கும் ஒன்பது பேரும் கேட்பார்கள்.